கருதுகோள்: அதை அனுமானம் ஆக்காதீர்கள்

'இந்த ஆய்வின் அனுமானங்கள் வருமாறு' என்ற வரியைக் கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கலாம். ஒரு மாணவர்கூட இன்னும் தேர்வு எழுதவில்லை, ஒரு மதிப்பெண்கூடக் கையில் இல்லை. அதற்குள் எதைக் கண்டு, எதை அனுமானித்தார்கள்? அங்கே இருக்க வேண்டிய சொல் கருதுகோள்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொள் என்ற வினை முதலெழுத்து நீண்டு கோள் ஆகிறது. பெறு என்பது பேறு ஆனதுபோல. குறிக்கோள், மேற்கோள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கருதிக் கொண்டது கருதுகோள். ஆங்கிலம் இதற்கு வைத்திருக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் 'அடியில் வைத்தது'. சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் கூற்று என்பதுதான் இன்றைய ஆய்வுப் பொருள்.

அனுமானத்தில் 'அனு' என்றால் பின், 'மானம்' என்றால் அளத்தல். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று தெளிவது அனுமானம். சான்று முன்னே, முடிவு பின்னே. கருதுகோளில் கூற்று முன்னே, சான்று பின்னே. வரிசையே தலைகீழாக இருக்கும்போது ஒன்றுக்கு மற்றொன்றை எப்படி வைப்பது? மொழித்தூய்மை பற்றிய சண்டை அல்ல இது. வடசொல் என்பதற்காக அனுமானத்தைத் தள்ளவில்லை. தரவை அலசி முடித்தபின், ஆராய்ந்த சிலராகிய மாதிரியிலிருந்து அவர்கள் சார்ந்த எல்லாருமாகிய முழுத்தொகைக்குப் போகும் இடத்தில் அனுமானம் மிகப் பொருத்தமான சொல். அதை முன்னாலேயே செலவழித்துவிட்டால், பின்னால் அந்த வேலைக்குச் சொல் இல்லாமல் திண்டாட வேண்டும்.

தமிழ் தர்க்க மரபு தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பு எழுப்பலாம். மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பிரமாணங்களில், அதாவது அறியும் வழிகளில், காண்டலுக்கு அடுத்தது கருதல். அந்தக் கருதல் அனுமானமேதான். அப்படியானால் கருதுகோளும் அனுமானமும் ஒன்றுதானே? கேள்வி நியாயமானது. ஆனால் கருதுகோளின் எடை கோள் என்ற பின்பாதியில் இருக்கிறது. கருதித் தெளிந்தது என்று அச்சொல் சொல்லவில்லை. கருதிக் கைக்கொண்டது என்கிறது. கைக்கொண்டதைக் கைவிடவும் முடியும். சோதனையில் தோற்றால் விட்டுவிடத் தயாராக இருப்பதுதான் அதன் இலக்கணம்.

எடுகோள் என்ற சொல்லைச் சில புள்ளியியல் நூல்கள் இதே பொருளில் ஆள்கின்றன. அதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டு மேலே செல்லும் அடிப்படைக்கு ஒதுக்குவது தெளிவு. மாணவர்கள் பார்த்து எழுதவில்லை என்பது எடுகோள். எந்தக் குழுவின் மதிப்பெண் கூடும் என்பது கருதுகோள். ஊகம் வேண்டவே வேண்டாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பே இல்லை.

சொல் பிசகினால் வேலையும் பிசகும். அனுமானம் என்று பழகிய மாணவர் மதிப்பெண்களை முதலில் பார்த்துவிட்டு, தெரிந்த வேறுபாட்டைக் கருதுகோளாக எழுதிப் பிறகு அதே மதிப்பெண்களால் மெய்ப்பிக்கிறார். உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998இல் இந்தப் பழக்கத்துக்குத் தனிப் பெயரே சூட்டி எச்சரித்தார். பார்த்தபின் எழுதிய கூற்று அந்தத் தரவிடம் தோற்க வழியே இல்லை. தோற்க முடியாதது கருதுகோளும் இல்லை.

ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 'சிறுதேர்வு மாணவர்களின் கற்றலை மேம்படுத்துமா?' இது தலைப்பாகலாம், ஆய்வு வினாவாகாது. எந்தச் சிறுதேர்வு, எதனோடு ஒப்பிட்டு, எந்த அளவுகோலில், எப்போது அளந்து? நான்குக்கும் விடை சொன்னால் வினா இப்படி வரும்: 'ஏழாம் வகுப்பு அறிவியலில் ஆறு வாரம், ஒவ்வொரு பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்து கேள்விச் சிறுதேர்வு எழுதும் மாணவர்கள், அதே பத்து நிமிடத்தில் பாடத்தைத் திரும்ப வாசிக்கும் மாணவர்களைவிட, இரண்டு வாரம் கழித்து நடக்கும் 30 மதிப்பெண் தேர்வில் அதிகச் சராசரி பெறுகிறார்களா?' நீளம்தான், ஆனால் நாளை வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது. 'திரும்ப வாசிக்கும்' என்பதை விட்டுவிட்டால், பலன் சிறுதேர்வினாலா, கூடுதல் பத்து நிமிடத்தினாலா என்று பிரிக்கவே முடியாது.

ஒரு பிரிவுக்குச் சிறுதேர்வு, அடுத்த பிரிவுக்கு வாசிப்பு என்று பிரிப்பது தொடக்கநிலையாளரின் வழக்கமான தவறு. அப்போது ஆசிரியர் வேறு, பாடவேளை வேறு. வேறுபாடு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 64 மாணவர் இருந்தால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சீட்டுப் போட்டுப் பாதிப் பாதியாக்கி, 32க்கு 32 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கருதுகோள். 'சிறுதேர்வுக் குழுவின் சராசரி, வாசிப்புக் குழுவின் சராசரியைவிட அதிகமாக இருக்கும்.' இதற்கு எதிரில் நிற்பது இன்மைக் கருதுகோள்: 'இரண்டு சராசரிகளுக்கும் வேறுபாடு இல்லை.' சூனியக் கருதுகோள் என்றும் எழுதுகிறார்கள். வேறுபாட்டின் இன்மையைத்தானே சொல்கிறோம்? இன்மையே போதும். 'மதிப்பெண்ணும் ஆர்வமும் கூடும்' என்று இரண்டை ஒரே கூற்றில் கட்டவும் கூடாது. ஒன்று கூடி மற்றது கூடாவிட்டால் கருதுகோள் வென்றதா தோற்றதா?

மொழிபெயர்ப்பால் பரவிய இன்னொரு பிழை 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று இன்மைக் கருதுகோளை எழுதுவது. ஆய்வேட்டுக்கு ஆய்வேடு அப்படியே படியெடுக்கிறார்கள். கருதுகோள் முழுத்தொகையைப் பற்றிய கூற்று: அங்கே வேறுபாடு உண்டு அல்லது இல்லை. குறிப்பிடத்தக்கது என்பது கையிலுள்ள மாதிரியைச் சோதித்தபின் முடிவுக்குத் தரும் அடைமொழி. முடிவின் சொல்லைத் தொடக்கத்தில் நுழைப்பது அனுமானக் குழப்பத்தின் உடன்பிறப்பு. ஆங்கில மூலங்களிலும் இந்தப் பிழை உண்டு. யோசிக்காமல் தமிழாக்கியதால் இங்கேயும் வேரூன்றிவிட்டது.

பால், ஊர், பெற்றோர் தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருதுகோள் எழுதி இருபது ஆக்குவதும் வழக்கம். எந்த வேறுபாடுமே இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை, இல்லாத வேறுபாட்டை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு என்ற மட்டத்தில் செய்தால், ஒன்றாவது தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 64 விழுக்காடு. சிறிய ஆய்வுக்கு ஒரு கருதுகோள் போதும், மிஞ்சினால் இரண்டு.

கடைசியில் எழுதப்படும் 'இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது' என்ற வரியும் தவறு. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் 5 என்று வைத்துக்கொண்டால், குழுவுக்கு 32 பேர் கொண்ட ஆய்வில் உண்மையான வேறுபாடு ஏறத்தாழ 3.5 மதிப்பெண்ணாவது இருந்தால்தான் பத்தில் எட்டு முறை புலப்படும். 2 மதிப்பெண் உண்மையாகவே கூடியிருந்தால், மூன்றில் இரண்டு முறை ஆய்வின் கண்ணில் படாமலே போகும். ஆகவே கிடைத்த வேறுபாடு 1.5 என்றால் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'இன்மைக் கருதுகோளை மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை, சராசரி வேறுபாடு 1.5 மதிப்பெண், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி −1 முதல் 4 வரை.'