விடை வேண்டா வினா

இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிப் பாடம் படித்தவர்களுக்கு ‘பெர்த்தாஞாஆன் ரெத்தோரிக்’ என்ற பெயர் நினைவிருக்கும். கவிதையின் மொழிநடையை அலசும்போது ஆசிரியர் வெண்பலகையில் எழுதிப்போடுவார். ஆங்கிலத்தில் ‘ரெட்டாரிக்கல் கொஸ்டின்’. இரண்டுக்கும் வேர் கிரேக்கம்தான். மன்றத்தில் எழுந்து பேசுகிறவனுக்கு அங்கே ‘ரேத்தோர்’ என்று பெயர், அவனுடைய கலை ‘ரேத்தோரிக்கே’. அந்தப் பேச்சாளன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடும் கேள்விதான் இது.

தமிழில் இதற்கு ‘அணிவினா’, ‘பதில் எதிர்பாராக் கேள்வி’ என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். அணிவினா என்றால் நகை பூட்டிய கேள்வி போல ஒலிக்கிறது, வேலை செய்கிற கேள்வி என்று தெரிவதில்லை. எனக்குப் பிடித்தது ‘விடை வேண்டா வினா’. கேட்பவனுக்கும் விடை தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும், அதனால் வேண்டாம். நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில் ‘அறிவினா’ இதற்குப் பக்கத்தில் வந்தாலும் இது ஆகாது. அது ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது; அங்கே விடை வந்தே ஆகவேண்டும்.

பெயர்தான் புதிது, சங்கதி பழையது. ஓகாரத்தின் பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம், வினாவுக்குப் பக்கத்திலேயே எதிர்மறையையும் வைக்கிறது. ‘உண்டோ’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று பொருள். ‘செய்யேனோ’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்று பொருள். உடன்பாட்டில் கேட்டால் மறுப்பு, மறுப்பில் கேட்டால் உடன்பாடு. விடை கேள்விக்குள்ளேயே தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைய பேச்சில் இந்த வேலையைப் பெரும்பாலும் ‘ஆ’ செய்கிறது. “நான் என்ன கிறுக்கனா?” என்று ஒருவர் கேட்டால், யோசித்துப் பதில் சொல்ல யாரும் உட்காருவதில்லை.

பாட்டுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் தம்பி ஒருவர், பழைய தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலில் பாடுவதற்காக எழுதிய பாட்டைக் கொண்டுவந்து காட்டினார். பல்லவி இது:

நான் சீவின மரத்துக்கு என் பேர் தெரியுமா?
நாலு மணி இருட்டுக்கு என் ஊர் தெரியுமா?

நல்ல பல்லவி. இரண்டுமே விடை வேண்டா வினா. முதல் சரணம்:

மங்கு நெறஞ்சது, வாளி நெறஞ்சது,
மழை வந்தா மட்டும் கூலி கொறஞ்சது.

இதில் பேரைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பினால், ‘என் பேர் தெரியுமா’ என்பதற்கு முன்பு இல்லாத ஒரு கணம் வந்துவிடுகிறது. மரம் பாலைக் கொடுத்தது, பேரை வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சரணத்தில்தான் பாட்டு சறுக்கியது:

தெரியாது, தெரியாது, யாருக்கும் தெரியாது,
தோட்டத்துச் சனம் பட்ட பாடு புரியாது.

எதுகை இருக்கிறது, இழுத்துப் பாடவும் தோதாக இருக்கிறது. ஆனால் இது சொல்லும் ‘தெரியாது’ பல்லவியிலேயே இருந்ததுதான். கேட்பவர் மனசுக்குள் சொல்லியிருந்ததைப் பாடுகிறவர் வாய்விட்டுச் சொல்லி, அவருடைய பங்கைப் பிடுங்கிக்கொள்கிறார். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வரும். விடை சொல்லியாகிவிட்ட பிறகு அதே கேள்வியைக் கேட்டால், அப்போதுதான் சொன்னது காதில் விழாதவர் கேட்பது போல ஆகிவிடும். கூட்டம் மெதுவாகக் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

அவரிடம் சொன்னபோது, “அண்ணே, பதில் சொல்லாம விட்டா சனத்துக்குப் புரியுமா?” என்றார். “புரியாமலா உக்காந்திருக்காங்க?” என்று நானும் கேட்டுவைத்தேன். ‘வினாவும் செப்பே வினா எதிர் வரினே’ என்கிறது தொல்காப்பியம். கேள்விக்கு எதிரே வரும் கேள்வியும் விடைதான். அவர் சிரித்துவிட்டு அந்தச் சரணத்தை அடித்தார். இரண்டு நாள் கழித்து வந்தது இது:

செம்பனை வந்தது, பால்மரம் சாஞ்சது,
லயத்தை இடிச்சப்போ செக்ரோலும் தொலைஞ்சது.

செக்ரோல் என்பது ஆள்பேர் பதிந்து அன்றாட வருகையைக் குறித்துவைத்த ஏடு. தோட்டத்தில் ஒருவருடைய பேர் எழுத்தில் இருந்த இடம் அது. இப்போது பல்லவி திரும்பும்போது மரமும் இல்லை, பேர் இருந்த ஏடும் இல்லை. பல்லவியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கேள்வி மட்டும் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. சரணம் விடை சொல்லவில்லை, சான்று கொண்டுவந்து போட்டது. குறளும் இப்படித்தான் செய்கிறது: ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்’ என்று கேட்டுவிட்டு, ‘இல்லை’ என்று சொல்லாமல், ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்று கண்ணீரைக் காட்டுகிறது.

அப்படியானால் விடையே சொல்லக்கூடாதா? சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் ‘யானோ அரசன்’ என்கிறான். ஓகாரம் எதிர்மறை; நான் அரசன் அல்லன் என்று அதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த மூச்சில் ‘யானே கள்வன்’ என்கிறான். ‘நான் அரசன் அல்லன்’ என்று அவன் விரித்துச் சொல்லியிருந்தால் வரி செத்திருக்கும். அவன் சொன்னது, கேள்விக்குள் இல்லாத ஒன்று. அரசன் இல்லை என்பதிலிருந்து கள்வன் என்பதற்கு ஒரு பெரிய தாவல் இருக்கிறது. அதோடு, கோவலனைக் கள்வன் என்று கொன்றவன் அந்தச் சொல்லை எடுத்துத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறான்.

ஆகவே பாட்டில் விடை வரி இருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டுப் பாடிப்பார்க்கலாம். ஒன்றும் குறையவில்லை என்றால் அது வேண்டாத விடை. ஓசைக்காக அந்த இடத்தை நிரப்பத்தான் வேண்டும் என்றால் தன்னானே போட்டுக்கொள்ளலாம், கேடில்லை.

இந்தக் கணக்கு ‘ஆ’, ‘ஓ’ கேள்விகளுக்குத்தான் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும். ‘யார்’, ‘எங்கே’ என்று கேட்பவற்றில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். தம்பியின் முதல் படியில் ‘லயத்தை இடிச்சது யாரு?’ என்றும் ஒரு வரி இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது உண்மையிலேயே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் உண்டு. அப்படிப்பட்ட கேள்வியை அந்தரத்தில் விட்டால் அது விடை வேண்டா வினா ஆகாது, மறைத்துவைத்த செய்தியாகிவிடும். அந்த வரியை எடுத்துவிட்டார்.

கடைசியாக விடை சொல்லும் வரி ஒன்றும் எழுதிப்பார்த்தார்: ‘மரத்துக்குத் தெரியாட்டி என்ன, அதுமேல நான் இழுத்த கோட்டுக்குத் தெரியும்.’ யானே கள்வன் அளவுக்கு இல்லாவிட்டாலும், கேள்விக்குள் இல்லாத ஒன்றைச் சொல்வதால் இந்த விடை நிற்கும். ஆனால் அதை இரண்டாம் சரணத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மரம் சாய்ந்த பிறகு கோடு ஏது? முதல் சரணத்தின் முடிவுக்கு நகர்த்தச் சொன்னேன். இப்போது கோட்டுக்குத் தெரியும் என்று ஒரு பிடி கிடைக்கிறது. அடுத்த சரணத்தில் மரம் சாயும்போது கோடும் சேர்ந்து போகிறது. விடை சொன்ன பிறகும் பல்லவிக்குத் திரும்ப முடிகிறது, ஏனென்றால் சொன்ன விடையே அங்கே பறிபோய்விடுகிறது. இசையமைப்பவருக்குத்தான் இது பிடிக்கவில்லை, வரி நீளம் என்கிறார். ‘அதுமேல’ என்பதை எடுத்தால் தாளத்தில் உட்காரும் என்று நினைக்கிறேன்.