ஸ்லைடில் எழுதியதையே வாசித்தால் ஏன் புரிவதில்லை?

மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் இரண்டு நிமிடம் இருபது நொடி அனிமேஷன் ஒன்று இருந்தது. குளிர்ந்த ஈரக்காற்று சூடான தரைமேல் நகர்ந்து, சூடேறி, மேலே எழும்பி மேகமாகிறது. மேகத்தின் உச்சி உறைநிலையை, அதாவது நீர் உறையத் தொடங்கும் உயரத்தை, தாண்டியதும் அங்கே பனிப்படிகங்கள் உண்டாகின்றன. ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் மோதும் அந்தக் களேபரத்தில் மின்னூட்டங்கள் பிரிந்து, எதிர்மின்னூட்டம் மேகத்தின் அடிப்பக்கம் சேர்கிறது. அப்புறம் அது தரையை நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது. படம் ஓட ஓட ஒரு குரல் இதை விளக்கிக்கொண்டே வரும்.

கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தச் சின்னப் பாடத்தை வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். 2001இல் வெளியான ஆய்வில் சில மாணவர்களுக்குப் படமும் குரலும் மட்டும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதோடு திரையின் கீழே எழுத்தும் வந்தது. ஒரு சோதனையில் அந்த எழுத்து குரல் சொன்னதன் சுருக்கம், இன்னொன்றில் அதே சொற்கள் அப்படியே. இரண்டிலுமே எழுத்து கிடைத்தவர்கள்தான் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள், குறைவாகவும் புரிந்துகொண்டார்கள்.

கண்ணாலும் பார்க்கட்டும், காதாலும் கேட்கட்டும், இரண்டு மடங்கு பதியும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது?

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளும்போது அதை அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைத்திருக்கும் இடத்தைச் செயல் நினைவு என்கிறார்கள். அது மிகச் சிறியது. காண்பதற்கு ஒரு வழி, கேட்பதற்கு ஒரு வழி என்று அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் வைத்திருக்க முடியும். படம் கண் வழியே போகிறது. பேச்சு காது வழியே போகிறது. எழுத்து? அதுவும் முதலில் கண் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே எழுத்து போட்டி போடுவது படத்தோடு. மாணவர் கீழே இருக்கும் வரியைப் படிக்கும் நேரத்தில் மேலே பனிப்படிகம் உருவாவது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மனதுக்குள் படிக்கும் வேகமும் நாம் பேசும் வேகமும் ஒன்றல்ல. மாணவர் நான்காவது வரியில் இருப்பார், நாம் இரண்டாவது வரியில் இருப்போம். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவதற்கே அவருடைய கவனம் செலவாகும். பிறர் நடத்தும் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து நான் இதைக் கவனித்திருக்கிறேன். எழுத்து நிறைந்த ஸ்லைடு வந்ததும் எல்லாத் தலைகளும் நோட்டுக்குக் குனிகின்றன, பேனாக்கள் ஓடுகின்றன. ஆசிரியர் சொல்லும் நல்ல உதாரணம் யார் காதிலும் விழுவதில்லை. உங்கள் ஸ்லைடில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய அடையாளம் வேண்டாம்.

நூலுக்கான பத்துக் குற்றங்களை அடுக்கும் தமிழ் இலக்கணம் ‘கூறியது கூறல்’ என்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் எழுத்தும் பேச்சும் இப்படி இரட்டிப்பதை மேயர் ‘மிகைமை’ என்கிறார், அது இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. சொன்னதை நாளைக்குத் திரும்பச் சொல்வதில் குற்றமில்லை, படிப்புக்கு அது தேவையும்கூட. ஒரே சொற்களை ஒரே நேரத்தில் படத்துக்குப் பக்கத்தில் எழுத்தாகவும் வாயால் பேச்சாகவும் தருவதுதான் சிக்கல்.

அதே பத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று உண்டு. ஸ்லைடில் அது சுவையான துணுக்காக வரும். மின்னல் தாக்கிய விமானம், மைதானத்தில் மின்னல் பட்ட விளையாட்டு வீரர், பக்கத்தில் ஒரு திகில் படம். மேயரும் அவருடன் ஆய்வு செய்த ஹார்ப்பும் 1998இல் மின்னல் பாடத்தில் இப்படிப்பட்ட துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். படித்தவர்களுக்குப் பாடத்தின் காரணகாரியத் தொடர் குறைவாகவே நினைவில் நின்றது. அதைப் பயன்படுத்திப் புதிய கேள்விக்கு விடை தருவதிலும் பின்தங்கினார்கள். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது துணுக்கு வந்த இடம். பாடத்தின் தொடக்கத்தில் வைத்தபோதுதான் கெடுதல் அதிகம், கடைசியில் வைத்தபோது குறைவு. தொடக்கத்திலேயே விபத்துக் கதையைக் கேட்டவர் ‘இது மின்னலின் ஆபத்து பற்றிய பாடம்’ என்று மனதில் ஒரு சட்டகத்தைப் போட்டுக்கொள்கிறார். அடுத்து வருவதையெல்லாம் அதற்குள்ளேயே அடுக்கப் பார்க்கிறார். நாமோ வகுப்பை ஈர்க்க அந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறோம்!

சரி, ஒரு ஸ்லைடை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். ‘மின்னல் உருவாகும் விதம்’ என்று தலைப்பு. கீழே ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியம். வலப்பக்கம் இணையத்தில் எடுத்த மின்னல் புகைப்படம், மூலையில் கல்லூரிச் சின்னம், அடியில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு பெட்டி.

முதலில் பெட்டியும் சின்னமும் போகட்டும். புகைப்படமும் போக வேண்டும். அழகாக இருந்தாலும் மேகத்துக்குள் நடப்பதில் எதையும் அது காட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு கோட்டுப்படம் வரைகிறோம்: தரை, மேகம், குறுக்கே உறைநிலையைக் காட்டும் ஒரு புள்ளிக்கோடு. ஆறு வாக்கியங்களையும் ஸ்லைடின் குறிப்புப் பகுதிக்கு மாற்றிவிடலாம். அவை நாம் பேச வேண்டியவை. வகுப்பு முடிந்ததும் அச்சிட்டுக் கொடுக்கவும் அவை உதவும். திரையில் மிஞ்சுவது ‘ஈரக்காற்று’, ‘உறைநிலை’, ‘எதிர்மின்னூட்டம்’ போன்ற ஒன்றிரண்டு சொல் பெயர்கள்தான். அவற்றையும் ஓரத்தில் பட்டியலாகப் போடாமல் அந்தந்த உறுப்பை ஒட்டியே எழுத வேண்டும். இப்படிப்பட்ட சிறு பெயர்கள் கெடுதல் செய்வதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு வழி காட்டுகின்றன.

இதோடு சுட்டிக்காட்டலும் சேர வேண்டும். ‘முதலில் மேகம் உருவாவது, அடுத்து மின்னூட்டம் பிரிவது, கடைசியாகப் பாய்வது’ என்று மூன்று கட்டங்களைத் தொடங்கும்போதே வாயால் சொல்லிவிடலாம். படத்தை மூன்று ஸ்லைடாகப் பிரித்து, பேசும் பகுதியை மட்டும் அழுத்தமான நிறத்திலும் மற்றதை வெளிர்சாம்பலிலும் காட்டினால் போதும். புதிதாக எதையும் சேர்க்காமலே எது முக்கியம், எது எதோடு சேரும் என்று இது சொல்லிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: ஒரே ஸ்லைடில் ஐந்து அம்பு, மூன்று நிறம், நான்கு அடிக்கோடு என்று போட்டால் எதுவுமே தனித்துத் தெரியாது.

எழுத்தே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. படம் இல்லாத ஸ்லைடில் எழுத்துக்குப் போட்டியே இல்லை. புதிய கலைச்சொல்லை எழுதிக் காட்டத்தான் வேண்டும். செவித்திறன் குறைந்த மாணவருக்கு எழுத்தே பாடம். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்து ஆங்கிலவழிக் கல்லூரிக்கு வந்திருக்கும் முதலாண்டு மாணவரையும் மறக்கக் கூடாது. பேசப்படும் ஆங்கிலம் காதில் பிடிபடாதபோது திரையில் இருக்கும் வரி அவருக்கு மிகையாக இராது, சில நேரம் அவர் பற்றிக்கொள்ளும் ஒரே கயிறு அதுதான். அந்த வகுப்பில் நான் எழுத்தை நீக்க மாட்டேன். முதலில் முக்கிய வரியைக் காட்டிப் படிக்க விட்டு, பிறகு அதை எடுத்துவிட்டுப் படத்தைக் காட்டிப் பேசுவேன். இரண்டும் ஒரே நேரத்தில் வராமல் பார்த்துக்கொள்வேன்.

திருத்திய ஸ்லைடு வேலை செய்ததா என்று பார்க்க, ‘மின்னல் உருவாகும் படிகளை எழுதுக’ என்று மட்டும் கேட்டால் போதாது. மேயர் குழுவினர் கேட்டது போன்ற கேள்வி ஒன்று வேண்டும்: வானத்தில் மேகம் இருக்கிறது, மின்னல் இல்லை, ஏன்? ‘மேகத்தின் உச்சி உறைநிலையைத் தாண்டியிருக்காது, அதனால் பனிப்படிகம் உருவாகியிருக்காது’ என்று ஒரு மாணவர் எழுதினால், அந்தப் புள்ளிக்கோட்டை அவர் பார்த்திருக்கிறார். பலரும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், உறைநிலை பற்றிப் பேசிய நேரத்தில் திரையில் வேறென்ன இருந்தது என்று போய்ப் பாருங்கள்.