நரி ‘ஏர்’, கடிகாரம் ‘ஸீ’: மூன்று வயதுக் குழந்தைக்கு ஜெர்மனில் ஓர் உறக்கக் கதை

ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், கிண்டர்கார்டன் போகும் பிள்ளைக்கு இரவில் ஜெர்மனில் கதை சொல்ல விரும்புகிறார்கள். தமிழில் மனதுக்குள் கதையை உருவாக்கிவிட்டு வாக்கியம் வாக்கியமாக ஜெர்மனுக்கு மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரு நரி கடிகாரம் ஒன்றைக் கண்டெடுக்கும் சின்னக் கதையை வைத்து இதைப் பார்ப்போம்.

தமிழில் நரியும் ‘அது’, கடிகாரமும் ‘அது’. “அது அதை எடுத்துக்கொண்டு போனது” என்றால் யார் எதை எடுத்தார்கள் என்று குழந்தை திரும்பக் கேட்கும். அதனால்தான் நாம் ‘நரியார்’ என்று மரியாதை கொடுத்து ‘அவர்’ ஆக்கிவிடுகிறோம். ஜெர்மனில் அந்த உத்தி தேவையில்லை. நரி ஆண்பால், டேர் ஃபுக்ஸ். கடிகாரம் பெண்பால், டீ ஊர். ஆகவே நரி ‘ஏர்’ (அவன்), கடிகாரம் ‘ஸீ’ (அவள்). “ஏர் நிம்ட் ஸீ மிட்” என்ற நான்கே சொற்களில், அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்பது குழப்பமின்றி விளங்கிவிடும். தமிழ்ப் பழக்கத்தில் இரண்டையும் ‘எஸ்’ என்று சொன்னால் கதை அந்த இடத்திலேயே குழம்பிவிடும்.

கடிகாரத்துக்கு எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதும் இதனால் முக்கியமாகிறது. அலாரக் கடிகாரத்தை ‘டேர் வெக்கர்’ என்பார்கள். அது ஆண்பால். கதையில் அதை வைத்தால் இருவருமே ‘ஏர்’ ஆகி, தமிழில் இருந்த அதே சிக்கல் திரும்பி வரும். ‘டீ ஊர்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்பாலுக்கு இன்னொரு வசதியும் உண்டு: செயப்படுபொருளாக வரும்போதும் ‘டீ ஊர்’, ‘ஐனெ ஊர்’ மாறுவதில்லை. நரி அப்படியல்ல. நரியை யாராவது பார்த்தால் ‘டேர்’ என்பது ‘டேன் ஃபுக்ஸ்’ ஆகிவிடும். நரியே எல்லாவற்றையும் செய்யும்படி கதையை அமைத்தால் அந்த மாற்றத்துக்கு வேலையே இல்லை.

காலத்துக்கு நிகழ்காலம் போதும். அச்சிட்ட கதைகளில் ‘ஃபான்ட்’ (கண்டெடுத்தது) போன்ற இறந்தகால வடிவங்கள் நிறைய வரும், ஆனால் பேச்சில் இந்த வடிவம் குறைவு என்பதால் சிறு பிள்ளைக்கு அது அவ்வளவு பழகியிருக்காது. ‘ஃபின்டெட்’ என்றே சொல்லுங்கள். கேள்வியல்லாத சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். “டேர் ஃபுக்ஸ் ஐனெ ஊர் ஃபின்டெட்” என்பது தமிழ் வரிசை.

கதை இப்படிப் போகலாம்:

எஸ் இஸ்ட் ஆபென்ட். டேர் ஃபுக்ஸ் ஃபின்டெட் ஐனெ ஊர். டீ ஊர் மஃக்ட் டிக், டக். “பிஸ்ட் டூ ஐன் டீர்?”, ஃப்ராக்ட் டேர் ஃபுக்ஸ். டிக், டக். ஏர் நிம்ட் ஸீ மிட். ஏர் டெக்ட் ஸீ ட்ஸூ. டிக்… டக். டிக்… டீ ஊர் ஷ்லேஃப்ட். டேர் ஃபுக்ஸ் ஷ்லேஃப்ட் ஔஃக்.

மாலை நேரம், நரி கடிகாரத்தைக் கண்டெடுக்கிறது. அது டிக் டக் என்கிறது. “நீ ஒரு விலங்கா?” என்று நரி கேட்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்த்திவிடுகிறது. கடிகாரம் தூங்குகிறது, நரியும் தூங்குகிறது. அவ்வளவுதான். ‘மிட்’, ‘ட்ஸூ’ இரண்டும் வினையிலிருந்து பிரிந்து கடைசிக்குப் போன துண்டுகள். அவற்றை விழுங்கிவிட்டால் ‘கூட்டிப் போவது’ வெறும் ‘எடுப்பது’ ஆகிவிடும். அவற்றை அழுத்திச் சொல்லுங்கள். தூங்குவதற்கு ‘ஷ்லாஃப்ட்’ என்று சொல்வது பலருக்கும் வரும் பிழை. அவன், அவள் என்று வரும்போது உயிர் மாறி ‘ஷ்லேஃப்ட்’ ஆகும்.

கடிகாரம் வந்தாலே மணி சொல்லத் தோன்றும். இந்த வயதில் அதை விட்டுவிடுவது நல்லது. குழந்தைக்கு முள் பார்த்து மணி சொல்லத் தெரியாது, பெற்றோருக்கும் அங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஏழரை மணியை ஜெர்மனில் ‘ஹால்ப் அஃக்ட்’ என்பார்கள். எட்டை நோக்கிய பாதி என்ற கணக்கு அது. ஏழைச் சொன்னால் ஆறரை ஆகிவிடும். அடுத்தது ‘ஊர்’. ‘ட்ஸ்வை ஊர்’ என்றால் இரண்டு மணி. இரண்டு மணி நேரம் என்பதற்கு ‘ட்ஸ்வை ஷ்டுன்டென்’.

கடைசி டிக்குகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், இறுதி ‘டக்’கைச் சொல்லாமல் நிறுத்துங்கள். கடிகாரம் கெட்டுப்போய்விட்டதா என்று பிள்ளை கண் திறந்து “இஸ்ட் டீ ஊர் கபுட்?” எனக் கேட்கலாம். “நைன், ஸீ இஸ்ட் ம்யூடெ” என்று மெதுவாகச் சொல்லுங்கள்: இல்லை, அவளுக்குக் களைப்பு.