வெட்சூட் ‘நீர்புகா உடை’ அன்று, நனையுடை

கடலில் மூழ்குபவர் குளிர் தாங்க அணியும் வெட்சூட்டை ‘நீர்புகா உடை’ என்று எழுதும் வழக்கம் பயணக் கட்டுரைகளிலும் முக்குளிப்புக் குறிப்புகளின் மொழிபெயர்ப்புகளிலும் வேரூன்றிவிட்டது. பொருள் பிழை என்பதோடு இது முடிவதில்லை. முதன்முறை கடலில் இறங்குபவர் எந்த அளவு உடையை எடுப்பது, எவ்வளவு நேரம் நீரில் இருப்பது என்பவற்றையும் இந்தச் சொல் தவறாகவே முடிவு செய்ய வைக்கிறது.

ஆங்கிலப் பெயர் நனைந்திருக்கும் உடை என்பதையே சொல்கிறது. 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், மூழ்குபவரின் தோல் உலர்ந்திருக்கத் தேவையில்லை, குளிரைத் தடுப்பது உடைக்குள் அடைபட்ட வாயுதான் என்று கண்டுகொண்டார். நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் உள்ள நுண்குமிழ்களே அந்த வாயுவைத் தாங்குகின்றன. உள்ளே புகும் சிறிதளவு நீர் தோலை ஒட்டித் தங்கி, உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும்.

நீர் உண்மையாகவே புகாத உடை வேறொன்று உண்டு, அது டிரைசூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான தடுப்புப் பட்டைகளும் நீர் கசியாத ஜிப்பும் கொண்ட அதை அணிந்து ஆழத்தில் முக்குளிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்திருக்கும் ஐஸ்லாந்தின் நீர் நிறைந்த நிலப்பிளவான சில்ஃப்ராவில் பயணிகளுக்குப் பெரும்பாலும் அதைத்தான் அணிவிக்கிறார்கள். ‘நீர்புகா உடை’ என்ற பெயரை வெட்சூட்டுக்குக் கொடுத்துவிட்டால் டிரைசூட்டை எப்படி அழைப்பது? ‘ஈர உடை’ என்பாரும் உண்டு. பொருள் சரிதான், ஆனால் தமிழில் ஈரத்துணி என்றாலே, உடனே மாற்றாவிட்டால் சளி பிடிக்கும் துணி என்றுதான் மனம் கொள்ளும். வெப்பம் காக்கும் உடைக்கு அது பொருந்தாது. ‘முக்குளிப்பு உடை’ இரண்டுக்கும் பொதுவானது. ஊறுகாய் போல வினைத்தொகையாக அமையும் ‘நனையுடை’யே என் தேர்வு, நனைவது அதன் குறையன்று, இயல்பு என்பதைப் பெயரே சொல்லிவிடும். அதற்கு இணையாக டிரைசூட்டை ‘உலருடை’ எனலாம். படகில் வெட்சூட் என்றே பேசுவோர் அப்படியே பேசட்டும். அந்தச் சொல்லால் யாருக்கும் தீங்கில்லை.

தீங்கு எங்கே வருகிறது என்பதைச் செங்கடலின் வட முனையில் உள்ள அகாபாவில் காணலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே கடல் சுமார் 21 டிகிரி இருக்கும். நீர் புகாது என்று நம்புபவர் உடல் அளவைப் பொருட்படுத்தாமல், அசைய வசதியான தளர்ந்த உடையை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முதுகுத்தண்டு வழியே புதிய குளிர்நீர் ஓடி, சூடேறிய நீரை அடித்துச் சென்றுவிடும். அப்போது தடிமன் எவ்வளவு இருந்தாலும் பெரும் பயனில்லை. கைகளை உயர்த்திப் பார்க்கும்போது கீழ்முதுகிலும் அக்குளிலும் உடை தோலைவிட்டு விலகாதிருந்தால்தான் அளவு சரி.

கடல்நீர் 28 டிகிரி இருந்தால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். 21 டிகிரியில் மேற்பரப்பில் மிதந்தபடி ஸ்நார்க்லிங் செய்பவருக்கு உடல் முழுவதும் மூடும் 5 மில்லிமீட்டர் உடை வேண்டும். அதே நாளில் 18 மீட்டருக்கு இறங்குபவருக்கு அதுவே குறைந்துபோகும். அந்த ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்காவதால், குமிழ்களில் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கை நெருங்கிச் சுருங்குகிறது. ரப்பர் சுருங்காது என்றாலும் குளிர் காக்கும் பகுதி வாயுதானே. ஆகவே தொடக்கநிலையினர் 7 மில்லிமீட்டரும் தலைமூடியும் எடுப்பது நல்லது. அடியில் உள்ள வெப்பநிலையை வழிகாட்டியிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மேற்பரப்பு அளவை மட்டும் நம்பலாகாது.

நேரத்துக்கு உறுதியான அட்டவணை கிடையாது; ஒல்லியானவரும் அசையாமல் மிதப்பவரும் விரைவில் குளிர்ந்துவிடுவர். இந்த நிலையில் முதல் முறைக்கு 40 நிமிடத்தை மேல் எல்லையாக வைத்துக்கொண்டு, நடுக்கம் தொடங்கினால் 15ஆவது நிமிடமானாலும் வெளியேற வேண்டும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாவிட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் அது தேறுதல் அன்று, மருத்துவ உதவி வேண்டிய ஆபத்து. நீர்புகா உடை என்று நம்பியவரோ இந்தக் குறிகளைக் கண்டும், உடைதான் கிழிந்திருக்கிறது போலும் என்று தேடிக்கொண்டிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர்கள் பொருளின் படத்தைப் பார்த்துப் பெயர் சூட்டுகிறார்கள். அது வேலை செய்யும் விதத்தைக் கேட்பதில்லை. உயிர்காப்புக் குறிப்புகளிலாவது இது கூடாது. தமிழ்க் குறிப்பில் ‘நீர்புகா உடை’ என்று கண்டால், கழுத்திலும் மணிக்கட்டிலும் தடுப்புப் பட்டை உண்டா என்று வாடகைக்குத் தருபவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் அது நனையுடை. உடலைப் பிடிக்கும் அளவில் கேட்டு வாங்குங்கள்.