டிஸ்க் இமேஜ், செயின் ஒஃப் கஸ்டடி: தமிழில் எப்படிச் சொல்வது?

கணினியில் இருந்து எடுத்த சான்றை வழக்குக்குக் கொண்டுபோகும்போது இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். ஒன்று டிஸ்க் இமேஜ், மற்றது செயின் ஒஃப் கஸ்டடி. முதலாவதைத் தமிழ்க் கடிதங்களில் சிலர் 'வன்தட்டின் படம்' என்று எழுதுகிறார்கள், சிலர் 'பிரதி' என்கிறார்கள். படம் என்றதும் வாசிப்பவர் புகைப்படத்தை நினைக்கிறார். பிரதி என்றதும் கோப்புகளை யூஎஸ்பியில் போட்டுக் கொடுப்பதை நினைக்கிறார். அதனால் அப்படியொரு கடிதம் கிடைத்த கடைக்காரரும் அதைத்தான் செய்து அனுப்புகிறார்.

இமேஜ் என்பதன் மூலம் இலத்தீனின் 'இமாகோ', அதாவது சாயல், உருவம். பள்ளிக்கூடத்தில் ஆடியில் தெரிவதை விம்பம் என்று படித்தோமே, அந்தச் சொல் இங்கே சரியாகப் பொருந்துகிறது. மூலம் எப்படியோ அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் இருப்பதுதான் விம்பம். எனவே வன்தட்டு விம்பம் என்பேன். வழக்குக்கான நடைமுறைப்படி எடுத்தால் தடயவியல் விம்பம். ஃபொரென்சிக் என்ற சொல் இலத்தீனின் 'ஃபோரம்' என்பதில் இருந்து வந்தது. வழக்குகள் கேட்கப்பட்ட பொதுச் சதுக்கம் அது. ஆக ஃபொரென்சிக் இமேஜ் என்பது மன்றத்தின் முன் வைக்கத் தகுந்த விம்பம்.

சாதாரணப் பிரதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார். அவர் பாவித்த மடிகணினியில் பழைய இன்வொய்ஸ்கள் மாற்றப்பட்டு, சில அழிக்கப்பட்டும் இருக்கின்றன என்று முதலாளிக்குச் சந்தேகம். உள்ளே 500 ஜிபி வன்தட்டு ஒன்று. கோப்புறைகளைப் பிரதி எடுத்தால் இப்போது இருக்கும் கோப்புகள் மட்டுமே கிடைக்கும். வன்தட்டு செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விம்பம் எடுக்கும்போது முதல் செக்டரில் இருந்து கடைசி வரை, 512 பைட் கொண்ட 976,773,168 செக்டர்களும், வெறுமையாகத் தெரிபவை உட்பட, வரிசையாக வாசிக்கப்படும். அழித்த இன்வொய்ஸின் மேல் வேறெதுவும் எழுதப்படாதிருந்தால் அது அந்த 'வெறுமை'க்குள்தான் கிடக்கும்.

முதலாவது விதி: அந்தக் கணினியைப் போட்டுப் பார்க்கக்கூடாது. விண்டோஸ் ஒருமுறை எழும்பினாலே பதிவுக் கோப்புகளும் நேர முத்திரைகளும் மாறும். வன்தட்டைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் நேரே செருகினாலும் அது கேட்காமலே எழுதிவிடும். ஆகவே நடுவில் எழுதல் தடுப்பான் ஒன்று இருக்க வேண்டும். வாசிக்கும் கட்டளைகளை விட்டு, எழுதும் கட்டளைகளை மறிக்கும் சிறிய கருவி அது. அதன் வழியே லினக்ஸ் கணினி ஒன்றில் வன்தட்டு sdb என்று தெரிந்தால் கட்டளை இப்படி:

```
dc3dd if=/dev/sdb hof=/mnt/ev/disk.dd hash=sha256 log=/mnt/ev/disk.log
```

நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் வன்தட்டை வாசிக்க மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். ஹாஷ் பெறுமானம் என்பது உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கப்படும் விரலடையாளம் போன்றது. வாசித்ததற்கும் எழுதியதற்கும் அதைக் கணித்து, இரண்டும் ஒன்றா என்று dc3dd தானே ஒப்பிட்டு லொக் கோப்பில் பதியும். SHA-256 என்றால் 64 எழுத்து நீளமான ஒரு தொடர். வன்தட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தத் தொடர் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். பழுதான செக்டர்கள் இருந்தால் அவற்றின் இடத்தில் பூச்சியம் நிரப்பப்படும். அதுவும் லொக்கில் இருக்கும், அதை மறைக்காமல் அறிக்கையில் எழுத வேண்டும்.

வன்தட்டு வெளியே இருக்கும்போது கணினியை, விண்டோஸுக்கு முன் வரும் பயோஸ் திரை வரை மட்டும் எழுப்பி, அதன் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 7 நிமிடம் முந்தி ஓடுகிறது என்று வைப்போம். அப்படியானால் 'மாலை 5.02க்கு மாற்றப்பட்டது' என்று கோப்பு சொல்வது உண்மையில் 4.55. கணக்காளர் 5 மணிக்கு வெளியேறியதைக் கடையின் கமரா காட்டினால், இந்தக் குறிப்பு இல்லாத அறிக்கை அவரைத் தவறாக விடுவித்துவிடும்.

இப்போது இரண்டாவது சொல். கஸ்டடி இலத்தீனின் 'கஸ்டோடியா'வில் இருந்து வருகிறது, காத்தல் என்று பொருள். நம் ஊரில் கையளித்தார், பாரமெடுத்தார் என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் 'கையளிப்புத் தொடர்' என்று எழுதும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது கைமாறும் கணங்களை மட்டுமே சொல்கிறது. இரண்டு கைமாற்றங்களுக்கு நடுவில் பொருள் எங்கே இருந்தது, பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் குறுக்கு விசாரணையில் துருவப்படும் இடம். எனவே முழு நடைமுறைக்கும் 'காவல் தொடர்', அதை எழுதும் தாளுக்குக் 'கையளிப்புப் பதிவு' என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாளில் வன்தட்டின் வகை, மாதிரி, தொடரிலக்கம், பையின் முத்திரை இலக்கம் மேலே இருக்கும். கீழே ஒவ்வொரு வரியிலும் திகதி, நேரம், கொடுத்தவர், எடுத்தவர், காரணம், வைக்கப்பட்ட இடம், இருவரின் கையொப்பம்.

உதாரணத்துக்குத் திரும்புவோம். வெள்ளி மாலை 4.40க்கு வன்தட்டைக் கழற்றி மனேஜரிடம் கொடுக்கிறார்கள். அவர் மேசை லாச்சியில் வைக்கிறார். திங்கள் காலை 10 மணிக்குப் பம்பலப்பிட்டியில் உள்ள நிபுணரிடம் போகிறது, அங்கேதான் விம்பமும் ஹாஷும் எடுக்கப்படுகின்றன. ஹாஷ் பொருந்துகிறது, சரி. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? திங்கள் 10 மணிக்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்பதை மட்டும்தான். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் மனேஜரே இன்வொய்ஸை மாற்றியிருக்கலாம் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால், அந்த 64 எழுத்தில் அதற்குப் பதில் இல்லை. முத்திரையிட்ட பை, பூட்டிய அலுமாரி, கையொப்பமிட்ட வரி ஆகியவை மட்டுமே பதில் சொல்லும். ஹாஷ் எடுக்கும் வரை காவல் தொடர்தான் பேச வேண்டும். எடுத்த பிறகும் இது எந்தக் கணினியின் வன்தட்டு என்று சொல்ல அந்தத் தொடரிலக்கமும் தாளும் தேவை. இயன்றால் வெள்ளி மாலையே கடையில் இரண்டு பேர் முன்னிலையில் விம்பம் எடுப்பது இந்த ஓட்டையை அடைத்துவிடும்.

எஸ்எஸ்டி என்றால் இன்னொரு சிக்கல். மின் கொடுத்ததும், அழிக்கப்பட்ட பகுதிகளை அது தன்பாட்டில் துப்புரவு செய்யத் தொடங்கலாம். எழுதல் தடுப்பானால் இதை மறிக்க முடியாது, ஏனென்றால் கட்டளை வெளியில் இருந்து வருவதில்லை. அதனால் ஒரே எஸ்எஸ்டியை இரண்டு முறை வாசித்தால் இரண்டு ஹாஷ் வரக்கூடும். அங்கே முதலில் எடுத்த விம்பத்தையே மூலமாகக் காக்க வேண்டும். அதன் ஹாஷ் கையளிப்புப் பதிவிலும் ஏறவேண்டும்.

இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் கணினிச் சான்றை முன்வைப்பவர், விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். மறுதரப்பு அதைப் பார்வையிட அனுமதி கேட்கலாம். 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் இருக்கிறது, எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி சொல்வார். எந்த வழியில் போனாலும் மறுதரப்பு நிபுணர் ஒருநாள் அந்த disk.dd கோப்பைத் தன் கணினியில் போட்டு, ஹாஷ் கணிக்கும் sha256sum கட்டளையை ஓட்டுவார், பிறகு கையளிப்புப் பதிவை வரி வரியாக வாசித்து, நேரம் எழுதப்படாத இடத்தைத் தேடுவார்.