கோல்டு முத்திரை குத்திய பவர் சப்ளை: பில்லில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு?

பவர் சப்ளையின் மேல் 450 வாட் என்று போட்டிருந்தால், கம்ப்யூட்டர் எந்நேரமும் 450 வாட் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கொடுக்கக்கூடிய உச்சம் மட்டுமே. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கேட்பதைத்தான் அது கொடுக்கும். கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுவரிலிருந்து வாங்கும். அந்த அதிகம் முழுக்கச் சூடாகிவிடும்.

80 பிளஸ் முத்திரை இந்த இழப்பைத்தான் அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் சாதாரண ரகம் குறைந்தது 80 சதவீதமும், கோல்டு 90 சதவீதமும் தேற வேண்டும். நம் 230 வோல்ட்டில் இரண்டுமே சற்றுக் கூடுதலாகத் தரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடியோ எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டருக்கு 200 வாட் தேவை, தினமும் 10 மணி நேரம் ஓடுகிறது. 80 சதவீத ரகம் சுவரிலிருந்து 250 வாட் வாங்கும், கோல்டு சுமார் 222. வித்தியாசம் 28 வாட். ஒரு நாளைக்கு 0.28 யூனிட், 2 மாத பில்லில் ஏறக்குறைய 17 யூனிட். மிச்சமாகும் யூனிட் பில்லின் உச்சிப் படியிலிருந்துதான் கழியும் என்பதால் அந்தப் படியின் விலையை வைத்துப் பார்க்க வேண்டும். அது 8 ரூபாய் என்றால் சுமார் 135 ரூபாய், வருஷத்துக்கு 800. கோல்டுக்கு 2,400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை மீட்க 3 வருஷம் ஆகும். தினம் 2 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் 15 வருஷம். அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவருக்கு நான் கோல்டு வாங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, சூடு? அறை குளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ப்ராசசருக்குப் போகும் 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அறைக்கு 250 வாட் சூடு வந்த இடத்தில் 222 வரும், அவ்வளவுதான். ஏசி ஓடினால் அந்த 28 வாட்டை வெளியேற்ற இன்னும் ஒரு 9 வாட் செலவாகும்.

உண்மையான மாற்றம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கிறது. அங்கே 50 வாட் சூடு 22 ஆகிறது, பாதிக்கும் கீழே. விசிறி மெதுவாகச் சுற்றும், சத்தம் குறையும். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். அதனால், மேயில் வெக்கையான அறையில் நாள் முழுக்க ஓடும் மெஷினுக்குக் கோல்டு வாங்க எனக்கு இதுவே பெரிய காரணம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை பெரும்பாலான ரகங்களுக்கு 20 சதவீதச் சுமையில்தான் தொடங்குகிறது. கோல்டுக்கும் மேலான டைட்டானியம் ரகம் 10 சதவீதத்திலும் தேற வேண்டும். 850 வாட் கோல்டு வாங்கிப் பிரௌசிங் மட்டும் செய்தால் சுமை 50 வாட், அதாவது 6 சதவீதம். பவர் சப்ளையின் உள் சர்க்யூட்டும் விசிறியும் தங்களுக்கென்று எடுக்கும் சில வாட்கள் இவ்வளவு சின்னச் சுமைக்கு முன் பெரிதாகிவிடும். அங்கே முத்திரை எந்த உறுதியும் தருவதில்லை. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வைத்து, வழக்கமான வேலையின்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அளவைத் தேர்ந்தெடுங்கள்.