பண்ணைக்குட்டைக்கு எத்தன லோடு மண் வரும்? கொட்டேஷன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத பாருங்க

குட்டை வெட்ட கொட்டேஷன் வாங்கிட்டு வர்றவங்ககிட்ட நான் திரும்ப திரும்ப பாக்குறது ஒரே விஷயம்தான், நீளம் அகலம் ஆழம் மூணையும் நேரா பெருக்கி யூனிட் போட்டிருப்பாங்க. 80 அடிக்கு 60 அடி, 10 அடி ஆழம், ஆக 48,000 கன அடி, 480 யூனிட்னு. (நம்ம பக்கம் ஒரு யூனிட்னா 100 கன அடி.) ஆனா குட்டை என்ன தண்ணித் தொட்டி மாதிரி செங்குத்தாவா இருக்கப் போகுது? கரை சரியாம இருக்கணும்னா நாலு பக்கமும் சரிவா தான் வெட்டணும், அப்ப வெட்டுற மண் ரொம்ப கம்மி.

களி கலந்த செம்மண்ணுக்கு ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு நான் கொடுப்பேன். மணல் பாங்கான மண்ணா இருந்தா ரெண்டு அடி, சில இடத்துல மூணு அடி கூட வேணும், இல்லன்னா முதல் மழைக்கே கரை உள்ள விழும். ஒன்றரை அடி கணக்குல 10 அடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 15 அடி உள்ள வரும், அதனால அடித்தளம் 50க்கு 30 தான். பாதி ஆழத்துல, அதாவது 5 அடில, 65க்கு 45.

இப்ப மேல் பரப்பு 4,800 சதுர அடி, கீழ 1,500, நடுவுல 2,925. நடு பரப்ப மட்டும் நாலால பெருக்கி (11,700) மத்த ரெண்டையும் கூட்டினா 18,000, அத ஆறால வகுத்தா 3,000, ஆழம் 10ஆல பெருக்கினா 30,000 கன அடி. 480 யூனிட்னு சொன்னது உண்மையில 300 யூனிட் தான். சிலர் மேல் கீழ் பரப்ப மட்டும் கூட்டி ரெண்டால வகுப்பாங்க, அதுல 31,500 வரும், 15 யூனிட் அதிகம், சரிவு படுக்க படுக்க இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

அடுத்த சிக்கல் டிராக்டர்ல. பூமிக்குள்ள இறுகி கிடந்த மண்ண வெட்டி கொட்டினா அது உப்பும், சாதாரண மண்ணுன்னா கால் பங்கு கூடும்னு வச்சுக்கலாம், மணல் கொஞ்சம் கம்மியா உப்பும், களிமண் அதிகமா உப்பும். அப்ப குழில 300 யூனிட்டா இருந்தது டிரெய்லர்ல 375 யூனிட் ஆகிடும். ரெண்டுமே சரியான அளவு தான், ஆனா ஒப்பந்தத்துல "யூனிட்டுக்கு இவ்வளவு"ன்னு மட்டும் எழுதி, குழி அளவா வண்டி அளவான்னு எழுதாம விட்டா 75 யூனிட் காசுக்கு சண்டை வரும், வந்திருக்கு, பாத்திருக்கேன்.

உங்க மண்ணு எவ்வளவு உப்பும்னு நீங்களே பாக்கலாம். மேல் மண்ண கொஞ்சம் நீக்கிட்டு ரெண்டடிக்கு ரெண்டடி, ஒரு அடி ஆழம் சுத்தமா ஒரு குழி வெட்டுங்க, அது 4 கன அடி. வந்த மண்ண கொத்தனார் ஜல்லி அளக்குற ஒன்னே கால் கன அடி பெட்டில அமுக்காம அளந்து பாருங்க. சரியா 4 பெட்டி வந்தா கால் பங்கு உப்புதுன்னு அர்த்தம், நாலரை பெட்டி வந்தா 40 சதவீதம்.

வெட்டின மண்ணு எல்லாம் வெளிய போகப் போறதும் இல்ல. குட்டை விளிம்புல இருந்து 3 அடி தள்ளி, 3 அடி உயரம், மேல 3 அடி அகலம், ரெண்டு பக்கமும் அதே ஒன்றரை சரிவுல சுத்தி கரை போட்டா அதுக்கு 7,900 கன அடி கிட்ட வேணும், கெட்டிச்சா மண் இறுகும் இல்லையா, அதனால குழி மண்ணுல 8,800 கன அடி அங்கயே போயிடும். மிச்சம் 21,200, அது உப்பினா 26,500 கன அடி.

டிரெய்லர உள்பக்கமா டேப் வச்சு அளங்க, ஆர்சி புக்ல இருக்கறத நம்பாதீங்க. 10 அடிக்கு 6 அடி, பலகை உயரம் ஒன்றரை அடின்னா தட்டையா 90 கன அடி, கொஞ்சம் குமிச்சா 100. அந்த கணக்குக்கு 265 லோடு. டிரைவர் அவசரத்துல 80 கன அடியோட கெளம்பிட்டா அதே மண்ணுக்கு 331 லோடு ஆகும், லோடுக்கு காசு கொடுக்கறவங்க முதல் நாள் பக்கத்துல நின்னே ஆகணும்.

ஜேசிபி ஒரு வண்டி நிரப்ப 5 நிமிஷம், வண்டி போய் கொட்டிட்டு வந்து மறுபடி நிரம்பி முடிய 15 நிமிஷம்னா மூணு டிராக்டர் வேணும். ரெண்டு தான் இருந்தா ஜேசிபி சும்மா நிக்கிற நேரத்துக்கும் மணி வாடகை ஓடும்.

வெட்ட ஆரம்பிக்கும்போதே வெளி அளவு மட்டும் இல்லாம 50க்கு 30 உள் அளவையும் சுண்ணாம்புல போட்டு வைங்க. உள்ளுக்குள்ள ஒரு சின்ன மண் திட்ட வெட்டாம விடச் சொல்லுங்க, பழைய தரை மட்டம் அதுல தெரியும், ஆழத்த அங்க இருந்து தான் அளக்கணும், கரை மேல இருந்து அளந்தா 13 அடி காட்டும். அளந்து எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டப்புறம் அந்த திட்ட எடுத்துடலாம். இத வெட்டி முடிச்ச அன்னைக்கே செஞ்சுடுங்க, மழை வந்து தண்ணி நின்னுட்டா அடி அளவு பிடிக்க வழியே இல்ல.